மழை நாளில் ஒரு துண்டு: அரை மணிக்கு ஒருமுறை எடை போட்டுப் பார்த்த கதை

மூன்று நாளாக விடாத மழை. கொடியில் போட்ட குளியல் துண்டு மறுநாள் காலையிலும் தொட்டால் சில்லென்றிருந்தது, முகத்தருகே கொண்டுபோனால் அந்தப் புளித்த வாடை வேறு. ஈரப்பதம் அதிகம், அதனால் காயவில்லை என்ற பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. எவ்வளவு ஈரப்பதத்துக்கு எவ்வளவு தாமதம்? மின்விசிறி போட்டால் எத்தனை மடங்கு வேகம் கூடும்? எல்லாவற்றையும் விட முக்கியமாக, வெளியே மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? எங்கள் வீட்டில் ஒவ்வொரு மழைக்கும் இந்த வாக்குவாதம் வரும், இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அதனால் ஒரே துண்டை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு விதமாகக் காயப்போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதி வைத்தேன்.

தேவைப்பட்டவை கொஞ்சம்தான். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள், ஒரு பழைய பருத்தி பனியனிலிருந்து வெட்டிய துணிக்கீற்று, ஒரு மேசை விசிறி. முதல் நாள் எடுத்த அளவுகள் முழுக்க வீண். காரணம், ஈரத்துண்டை மடித்துத் தராசின் சின்னத் தட்டில் வைத்தபோது அதன் ஒரு ஓரம் தொங்கி மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அந்த ஓரத்தின் பாரத்தை மேசை தாங்கிக்கொண்டதில் தராசு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு அளவு குறைத்துக் காட்டியது. எடை ஒருமுறை குறைந்து அடுத்த முறை ஏறியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கொடியில் கிடக்கும் துண்டுக்கு எடை ஏற வழியே இல்லையே. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, துண்டை அதற்குள் போட்டு எடுத்தேன். அதன் பிறகு எண்கள் ஒழுங்காக இறங்க ஆரம்பித்தன.

துண்டு உலர்ந்த நிலையில் 410 கிராம். சலவை இயந்திரம் சுழற்றிப் பிழிந்து வெளியே தந்தபோது 740 கிராம். அதாவது 330 கிராம் தண்ணீர் போக வேண்டும்.

முதலில் ஒப்பிட ஒரு நல்ல நாள் வேண்டும் என்று மழை விடும்வரை காத்திருந்தேன். அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். வெயில் படாத இடம், விசிறி இல்லை, துண்டு கொடியில் பாதியாக மடிந்து தொங்குகிறது. மணிக்கு 90 கிராம் வீதம் எடை இறங்கியது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே சீராக, இரண்டரை மணி நேரம். பிறகு வேகம் படிப்படியாகக் குறைந்து, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் 410ஐத் தொட்டது.

அந்தச் சீரான இரண்டரை மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். துண்டு நன்றாக நனைந்திருக்கும் வரை, உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது காற்றுக்குத் தெரியாது. இழைகள் உறிஞ்சி உறிஞ்சி மேற்பரப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருப்பதால் காற்றின் கண்ணுக்கு அது ஒரு குளத்தின் மேற்பரப்பு மாதிரிதான். வேகத்தை முடிவு செய்வது காற்று மட்டுமே. பின்னால் மேற்பரப்பு அங்கங்கே வறண்டு, மடிப்புகளுக்கும் ஓரத் தையலுக்கும் உள்ளே ஈரம் பின்வாங்கிய பிறகுதான் துணியின் தடிமன் பிரச்சினையாகிறது. ஆகவே காற்றை ஒப்பிட வேண்டுமானால் அந்த முதல் பகுதியின் வேகத்தைத்தான் ஒப்பிட வேண்டும், "மொத்தம் எத்தனை மணி நேரம்" என்பதை அல்ல.

அடுத்த மழை நாளில் அறையில் 27 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம். அதே துண்டு, அதே கொடி, அதே 740 கிராம் (இயந்திரம் 4 கிராம் கூடுதலாக விட்டிருந்தது, அதைக் கையால் பிழிந்து சரி செய்தேன்). முதல் அரை மணியில் 8 கிராம். அடுத்த அரை மணியில் 7. மணிக்கு 15 கிராம்! நல்ல நாளின் ஆறில் ஒரு பங்கு. வெப்பநிலை மூன்றே டிகிரிதான் வித்தியாசம், ஆனால் வேகம் ஆறு மடங்கு விழுந்துவிட்டது.

இங்கேதான் ஆவி அழுத்தம் வருகிறது. காற்றில் கலந்திருக்கும் நீராவி தன் பங்குக்கு ஒரு அழுத்தம் தருகிறது, அதை கிலோபாஸ்கலில் அளக்கிறோம். குறிப்பிட்ட வெப்பநிலையில் தண்ணீரை ஒட்டியபடி இருக்கும் காற்றில் அது ஒரு உச்சம் வரைதான் ஏறும். அதற்குப் பெயர் தெவிட்டிய ஆவி அழுத்தம். 30 டிகிரியில் அது 4.25, 27 டிகிரியில் 3.57, 24 டிகிரியில் 2.98. வெப்பநிலை ஏற ஏற வேகமாக ஏறும். ஈரத்துணியின் தோலை ஒட்டிய காற்று எப்போதும் இந்த உச்சத்தில்தான் இருக்கிறது. அறைக் காற்றிலோ அதைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீராவியைத் துணியிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஜான் டால்டன் 1802இல் தன் சோதனைகளிலிருந்து சொன்ன விதி இதுதான்: ஆவியாகும் வேகம் இந்த அழுத்த வித்தியாசத்துக்கு ஏற்ப இருக்கும், காற்றின் ஓட்டம் அதைக் கூட்டும்.

சரி, அப்படியானால் கணக்குப் போடலாமே என்று உட்கார்ந்தேன். நல்ல நாளில் 30 டிகிரியின் உச்சம் 4.25, காற்றில் இருப்பது அதில் பாதி, 2.12. வித்தியாசம் 2.13. இப்படித்தான் முதலில் எழுதினேன், அது தப்பு. துணி 30 டிகிரியில் இல்லை என்பதை மறந்துவிட்டேன். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,430 ஜூல் வெப்பம் வேண்டும், அது துணியிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான் வர வேண்டும். மணிக்கு 90 கிராம் போகிறது என்றால் அந்தத் துண்டு 60 வாட் வீதம் அறையிலிருந்து வெப்பத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காயும் துண்டைத் தொட்டால் சில்லென்றிருப்பது இதனால்தான். அது குளிரக் குளிர அதன் தோலில் உள்ள ஆவி அழுத்தமும் இறங்கும், தள்ளும் விசையும் குறையும். எதுவரை என்றால், காற்றிலிருந்து உள்ளே வரும் வெப்பமும் ஆவியாக வெளியே போகும் வெப்பமும் சமமாகும் வரை.

அந்தச் சமநிலை எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்று அளக்கத்தான் இரண்டு வெப்பமானிகள். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றின் குமிழைப் பனியன் கீற்றால் ஒற்றைச் சுற்றாகச் சுற்றி, கீற்றின் வாலை ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீரில் விட்டு, விசிறிக் காற்றை நேராக அதன் மேல் விட்டேன். பள்ளிக்கூடத்தில் பார்த்த உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிதான், வேறொன்றும் இல்லை. நல்ல நாளில் உலர் குமிழ் 30, ஈரக் குமிழ் 22. மழை நாளில் 27, 25.4. காற்றின் ஆவி அழுத்தத்தை இந்த இரண்டிலிருந்து நேராகவே எடுத்துவிடலாம்:

```
e = es − 0.067 × (t − tw)
```

இதில் t உலர் குமிழ், tw ஈரக் குமிழ், es என்பது ஈரக் குமிழ் வெப்பநிலையில் உள்ள தெவிட்டிய ஆவி அழுத்தம், e காற்றில் உண்மையிலேயே உள்ளது. 0.067 என்ற எண் கடல்மட்டத்தை ஒட்டிய காற்றழுத்தத்துக்கும், நன்றாகக் காற்றுபடும் குமிழுக்கும் பொருந்தும். மழை நாளுக்கு es 3.25, அதில் 0.067 × 1.6, அதாவது 0.11 கழித்தால் 3.14. ஈரப்பதமானி காட்டிய 88 சதவீதத்தோடு இது ஒத்துப்போனது.

இந்தச் சூத்திரத்தைச் சும்மா இடம் மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. துணியைக் காயவைக்கும் அழுத்த வித்தியாசம் es − e. அது 0.067 × (t − tw) தவிர வேறில்லை! ஆகவே அட்டவணையும் வேண்டாம், சதவீதமும் வேண்டாம். இரண்டு வெப்பமானிகளுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதே காயும் வேகத்தின் அளவுகோல். நல்ல நாளில் 8 டிகிரி, மழை நாளில் 1.6. ஐந்துக்கு ஒன்று. முதலில் நான் எழுதிய 2.13 எங்கே, உண்மையான 0.54 எங்கே! காற்றின் வெப்பநிலையை வைத்துப் போட்ட கணக்கு நான்கு மடங்கு மிகைப்படுத்தியிருந்தது.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மழை நாளில் வித்தியாசமே ஒன்றரை டிகிரிதான், அதனால் இரண்டு வெப்பமானிகளுக்குள் அரை டிகிரி பேதம் இருந்தாலும் விடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். துணி சுற்றுவதற்கு முன் இரண்டையும் ஒரே தம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் ஒன்று 0.3 டிகிரி கூடுதலாகக் காட்டியது, அதை அந்த வெப்பமானியின் எல்லா அளவிலிருந்தும் கழித்தேன். கீற்றில் சோப்புப் பிசுக்கு இருந்தாலோ, விசிறி நின்றிருந்தாலோ ஈரக் குமிழ் போதிய அளவு இறங்காது, காற்று உண்மையில் இருப்பதைவிட ஈரமாகத் தெரியும். கிண்ணத்தில் ஊற்றும் தண்ணீரும் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு இடறல் இருந்தது. வெப்பமானிகள் ஐந்து மடங்கு என்கின்றன, தராசு ஆறு மடங்கு என்கிறது. இன்னொரு மழை நாளில் திரும்ப அளந்தேன், அன்றும் ஆறுக்குப் பக்கத்திலேயே வந்தது. அளவுப்பிழை என்று விட்டுவிட மனம் வரவில்லை.

காரணத்தைக் காட்டியது ஒரு தீக்குச்சி. கொளுத்தி அணைத்து, அதன் புகையை ஈரத்துண்டின் மேல் ஓரத்துக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தேன். நல்ல நாளில் மேலே போக வேண்டிய அந்தப் புகை துண்டின் பக்கம் சாய்ந்து, அதன் தோலை ஒட்டியபடியே கீழே வழுகி, அடி ஓரத்தைத் தாண்டித் தரை நோக்கி இறங்கியது. துண்டின் அடியில் கையை நீட்டினால் மெல்லிய குளிர்காற்று விழுவது தெரிந்தது. அறையில் காற்றே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது துண்டு தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது குளிர்ந்ததால் ஒட்டியிருந்த காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது, அந்த இடத்துக்குப் புதுக் காற்று மேலிருந்து வருகிறது. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது என்பதால் அது கொஞ்சம் மேலே இழுக்கும், ஆனால் குளிரின் கனம் அதை வென்றுவிடுகிறது.

மழை நாளில் அதே தீக்குச்சி, அதே இடம். புகை துண்டருகே தயங்கி, குழம்பி, பிறகு வழக்கம்போல மேலேயே போனது. துண்டு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் குளிர்ந்திருந்தது, ஒட்டியிருந்த காற்றுக்குக் கீழே விழும் அளவு கனம் இல்லை. ஆக ஈரமான நாள் துணியை இரண்டு தடவை தண்டிக்கிறது: தள்ளும் அழுத்தம் ஐந்தில் ஒன்றாகிறது, அதோடு துணி தானாக உண்டாக்கும் காற்றோட்டமும் படுத்துவிடுகிறது. ஐந்து ஆறானது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. (அசையாத காற்றில் தொங்கும் துண்டு ஈரக் குமிழ் அளவுக்குக் குளிர்வதில்லை, சுவர்களிலிருந்து கதிர்வீச்சாக வரும் வெப்பம் அதை ஒன்றிரண்டு டிகிரி மேலே நிறுத்துகிறது. அதனால் ஐந்தும் ஆறும் கிராம் பிசகாத எண்கள் அல்ல, போக்கைக் காட்டும் எண்கள்.)

இதைப் பார்த்ததும் விசிறியின் வேலை வேறு மாதிரி புரிந்தது. ஈரத்துணியின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் நகராத காற்றுப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். நீராவி அதை மூலக்கூறு மூலக்கூறாக ஊர்ந்துதான் கடக்க வேண்டும். விசிறி செய்வது அந்தப் படலத்தைச் சீவி மெலிதாக்குவது, அவ்வளவே. காற்றை உலர்த்துவதோ அழுத்த வித்தியாசத்தைக் கூட்டுவதோ அதன் வேலை இல்லை. மழை நாளில் படலம் தானாக நகர்வதே இல்லை என்பதால் விசிறிக்கு அன்றுதான் மதிப்பு அதிகம். மேசை விசிறியை ஒன்றரை மீட்டர் தள்ளி, துண்டின் பக்கவாட்டில் வைத்து, மடிப்பின் இரு பாதிகளுக்கு நடுவிலும் காற்று புகும்படி திருப்பினேன். அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே துண்டு ஒன்றுதான். மணிக்கு 46 கிராம். மூன்று மடங்கு.

அம்மா சும்மாவா சொன்னார், "காத்துப் படுற மாதிரி போடு" என்று.

இந்தச் சந்தோஷத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். அடுத்த சலவையில் துண்டோடு ஒரு வாரத் துணி முழுவதையும் அந்த அறையில் தொங்கவிட்டு, வெளியே மழை, சாரல் அடிக்கும் என்று ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு, விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். துண்டை மட்டும் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அரை மணியில் 22 கிராம் இறங்கியது, நன்றாகவே இருந்தது. அடுத்ததில் 14. மூன்றாவதில் 6. விசிறி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, துண்டு இன்னும் சொதசொதவென்றுதான் இருந்தது, அதாவது சீரான வேகம் இருக்க வேண்டிய கட்டம்தான். வெப்பமானிகளைப் பார்த்தால் வித்தியாசம் 1.6லிருந்து 0.7 டிகிரிக்கு வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மெல்லிசாகப் பனிபடர்ந்த மாதிரி ஈரம்.

அந்த அறையின் கணக்கைப் போட்டதும் விளங்கியது. அது 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.7, கொள்ளளவு 28 கன மீட்டர். 27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 25.8 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். 88 சதவீதத்தில் ஏற்கெனவே 22.7 கிராம் உள்ளே இருக்கிறது. மிச்ச இடம் 3.1 கிராம். 28 கன மீட்டருக்கும் சேர்த்து 87 கிராம்! அந்த அறைக் காற்று முழுவதுமாகத் தெவிட்டிப்போக அரைத் தம்ளருக்கும் குறைவான தண்ணீர் போதும், நான் தொங்கவிட்டதிலோ இரண்டு லிட்டருக்கு மேல் இருந்தது. சுவரும் மெத்தையும் திரைச்சீலையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், கதவிடுக்கில் கொஞ்சம் கசியும், அதனால்தான் முழுசாக நின்றுபோகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சுவர் உறிஞ்சுவது நல்ல செய்தியும் அல்ல, அந்த மூலையில் பிறகு கரும்பூஞ்சை வந்தால் அது இந்தத் தண்ணீர்தான்.

இப்போது ஜன்னல் கேள்வி. வெளியே மழை, வெளி ஈரப்பதமானியில் 95 சதவீதம். உள்ளே அப்போது 94. இன்னும் ஈரமான காற்றை உள்ளே விடுவதா என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் சதவீதம் என்பது அந்தந்த வெப்பநிலையின் உச்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வது மட்டுமே, இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளின் சதவீதத்தை ஒப்பிடக் கூடாது. ஆவி அழுத்தத்தை ஒப்பிட வேண்டும். வெளியே 24 டிகிரி. உச்சம் 2.98, அதில் 95 சதவீதம் 2.83. உள்ளே 27 டிகிரி. உச்சம் 3.57, அதில் 94 சதவீதம் 3.36. வெளிக்காற்றில்தான் நீராவி குறைவு. அது உள்ளே வந்து 27 டிகிரிக்குச் சூடானால் 2.83ஐ 3.57ஆல் வகுத்து, 79 சதவீதக் காற்றாகிவிடும்.

திறந்தேன். ஜன்னல் ஒன்று, எதிர்ப்பக்கக் கதவு ஒன்று, சாரல் படாதபடி கொடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி. விசிறியைக் காற்று ஜன்னல் பக்கமிருந்து துணிகள் வழியாகக் கதவுக்குப் போகும்படி திருப்பினேன். இருபது நிமிடத்தில் வெப்பமானி வித்தியாசம் 0.7லிருந்து 2.6க்கு ஏறியது. அடுத்த அரை மணியில் துண்டு 35 கிராம் இழந்தது, மணிக்கு 70. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வாக்குவாதத்துக்கு எங்கள் வீட்டில் அன்று முடிவு கிடைத்தது.

இது எப்போதும் செல்லும் விடை அல்ல. உள்ளே ஆவி அழுத்தம் வெளியைவிட அதிகமாக இருக்கும்போதுதான் செல்லும். ஏசி ஓடும் அறை 26 டிகிரி, 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறக்குறைய 2.0. வெளியே மழை விட்டுப் புழுங்கும் 30 டிகிரி, 85 சதவீதம் என்றால் 3.6. அப்போது ஜன்னலைத் திறந்தால் வேலை கெட்டது. அங்கே ஏசியே தண்ணீரை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறது, அதன் குழாயில் சொட்டுவதில் துணியின் ஈரமும் சேர்த்திதான். அதனால் என்ன செய்வது என்று சந்தேகம் வந்தால் இரண்டு இடத்திலும் வெப்பநிலையையும் சதவீதத்தையும் பார்த்து அழுத்தமாக்கிக் குறைந்த பக்கத்துக் காற்றை உள்ளே விட வேண்டும். மழை பெய்கிறதா இல்லையா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

இன்னொரு விஷயம் என்னை ஒரு ராத்திரி முழுக்க ஏமாற்றியது. மழை நாளில் துண்டு 410 கிராமுக்கு வரும்வரை காயவில்லை என்று வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது 432இல் வந்து நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்தும் 432. விசிறி போட்டாலும் 432. தொட்டால் சில்லென்று இல்லை, ஆனால் வெயில் நாளின் மொறுமொறுப்பும் இல்லை, ஒருவித நமநமப்பு. தராசு கெட்டுவிட்டதோ என்று சர்க்கரைப் பொட்டலம் வைத்தெல்லாம் சோதித்தேன். தராசில் குறையில்லை. பருத்தி இழை தன் உள்ளேயே நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு என்பதைச் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது ஈரப்பதமானி காட்டும் அந்தச் சதவீதம், தீர்மானிக்கும். 65 சதவீதக் காற்றில் தன் எடையில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் வைத்திருக்கும், 90ஐ நெருங்கினால் அது 12, 13க்குப் போகும். நான் "உலர்ந்த எடை" என்று குறித்துவைத்த 410இலேயே இருபது கிராமுக்கு மேல் தண்ணீர் இருந்தது. அது 50 சதவீத நாளின் சமநிலை எடை, 432 என்பது மழை நாளின் சமநிலை எடை. (சதவீதத்தைக் கழித்துக் கட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன், இந்த ஓரிடத்தில் மட்டும் அதுதான் சரியான அளவு.) அதற்கு மேல் அந்தக் காற்றில் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் பைசா இறங்காது. காய்ந்துவிட்டதா என்று தெரிய எடையோ, தொட்டால் வரும் நமநமப்போ உதவாது. குளிர்ச்சி உதவும்: பக்கத்தில் தொங்கும் காய்ந்த துணியையும் இதையும் மாறி மாறிக் கன்னத்தில் வைத்தால், இன்னும் ஆவியாகிக்கொண்டிருப்பது கண்டிப்பாக ஒரு சிட்டிகை குளிர்ந்திருக்கும். பாலியெஸ்டர் துணிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது உள்ளே பிடிப்பது எடையில் அரை சதவீதம்கூட இல்லை.

வாடையைப் பற்றியும் ஒரு வரி. அது தண்ணீரின் வாடை அல்ல, ஈரத்தில் பெருகும் பாக்டீரியா, முக்கியமாக மொராக்செல்லா வகை, துணியில் மிஞ்சிய எண்ணெய்ப் பிசுக்கைத் தின்று வெளியேற்றும் பொருட்களின் வாடை. மணிக்கு 15 கிராம் வீதம் போன துண்டு 24 மணி நேரம் தாண்டியும் காயவில்லை, நாறியது. மணிக்கு 46 போனது நாறவில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சலவையில் செய்து பார்த்தேன். முதலில், ஆவியாக்க வேண்டிய தண்ணீரையே குறைத்தேன். இயந்திரத்தில் சுழற்றிப் பிழியும் கட்டத்தை மட்டும் மறுபடி ஒருமுறை, ஏழு நிமிடம் ஓட்டியதில் துண்டு 740லிருந்து 680க்கு வந்தது. அந்த 60 கிராம் காற்றில்லாத மழை நாளில் நான்கு மணி நேர வேலை. இங்கே ஒரு ஜூல்கூட உள்ளுறை வெப்பம் கொடுக்காமல் வெறும் சுழற்சியிலேயே போய்விட்டது. பிறகு கொடியில் மடித்துப் போடாமல் மேல் ஓரத்தில் மூன்று கிளிப் மாட்டி ஒற்றையாகத் தொங்கவிட்டேன், இரண்டு பக்கமும் காற்று படும்படி. துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி. ஜன்னலும் கதவும் திறந்து, விசிறி அதே திசையில். வெளியே 24 டிகிரி, சாரல். வெப்பமானி வித்தியாசம் 2.5. மணிக்கு 100 கிராம் வீதம் இறங்கி, நான்கு மணி நேரம் முடிவதற்குள் 434க்கு வந்துவிட்டது.

காயாமல் மிஞ்சியது ஜீன்ஸின் இடுப்புப் பட்டி மட்டும். நான்கு அடுக்குத் துணி, நடுவில் தையல். அங்கே நீராவிக்குத் தடை காற்றுப் படலம் அல்ல, துணியேதான், அதனால் விசிறியை எவ்வளவு கிட்டே நகர்த்தியும் பலன் இல்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பைகளை இழுத்து வெளியே விட்டு, இடுப்பை வட்டமாக விரித்து நான்கு கிளிப்பில் தொங்கவிட்டதில் அதுவும் இரவு படுக்கப்போகும் நேரத்துக்குக் கன்னத்தில் வைத்தால் குளிராத நிலைக்கு வந்தது.